நான்கு முக்கோணங்களை நகர்த்திப் பார்த்தால்: பிதாகரஸ் தேற்றம் ஏன் உண்மை?

செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் வர்க்கம், மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வருவதற்குச் சமம். பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் இது மனப்பாடம். 3, 4, 5 என்ற எண்களும் கூடவே நினைவுக்கு வரும்: 9-ஐயும் 16-ஐயும் கூட்டினால் 25. ஆனால் ‘அது ஏன் அப்படி வருகிறது?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், நம்மில் பலர் திரும்பவும் 3, 4, 5-ஐத்தான் எடுத்துக் காட்டுவோம். ஒரு முக்கோணத்தில் கணக்குச் சரியாக வந்தது என்பதைத்தான் அது சொல்லும். எல்லா முக்கோணத்திலும் வரும் என்று சொல்லாது.

இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் காட்ட நம்மிடமே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கர்ணம் கண்டுபிடிக்க ஒரு தமிழ்ச் செய்யுள், போதையனார் பெயரில், இணையத்தில் அடிக்கடி பகிரப்படுகிறது. அது சொல்லும் வழி இதுதான்: நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளிவிடு; மிச்சத்தோடு குட்டையான பக்கத்தில் பாதியைச் சேர்; வருவது கர்ணம். 4, 3 என்ற பக்கங்களை எடுத்துக்கொள்வோம். 4-இல் எட்டில் ஒன்று போனால் 3.5, அதோடு 1.5 சேர்த்தால் 5. சரி. அடுத்து 12, 5. 10.5-உம் 2.5-உம் 13. அதுவும் சரி. இதோடு நிறுத்திக்கொண்டால், வர்க்கமும் வர்க்கமூலமும் இல்லாத அருமையான சூத்திரம் கிடைத்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் இரண்டு பக்கமும் 1 என்று வைத்துப் பாருங்கள். இந்த வழியில் 1.375 வருகிறது, உண்மையான கர்ணம் 1.414-ஐ ஒட்டியது. 15, 8 என்று வைத்தால் 17.125 வருகிறது, உண்மையில் அது 17. கணக்குப் போட்டுப் பார்த்தால், பக்கங்கள் 4:3 என்ற விகிதத்திலோ 12:5 என்ற விகிதத்திலோ இருந்தால் மட்டும்தான் இந்த வழி துல்லியமாக இருக்கும். மற்ற எல்லா முக்கோணங்களுக்கும் அது தோராயம்தான். வர்க்கமூலம் எடுக்க வசதியில்லாத இடத்தில் பயன்படக்கூடிய நல்ல தோராயம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நாம் பழக்கமாகச் சோதித்துப் பார்க்கும் இரண்டு முக்கோணங்களிலும் அது தேறிவிடுகிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

ஆகவே பிதாகரஸ் தேற்றத்துக்கும் எத்தனை எடுத்துக்காட்டுகளைக் காட்டினாலும் போதாது. எண் எதுவாக இருந்தாலும் நிற்கும் ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை அட்டையும் கத்தரிக்கோலும் வைத்தே கண்டுகொள்ளலாம்.

வெட்டுவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். a² என்றால் a-ஐ a-ஆல் பெருக்குவது என்று மட்டும் நினைத்தால் இந்த நிரூபணம் பிடிபடாது. a² என்பது, பக்கம் a ஆக இருக்கும் ஒரு சதுரத்தின் பரப்பளவு. எனவே தேற்றம் உண்மையில் மூன்று சதுரங்களைப் பற்றியது. செங்கோணத்தை உண்டாக்கும் இரண்டு பக்கங்களின் மீதும் ஒவ்வொரு சதுரம் வரைகிறோம். கர்ணத்தின் மீதும் ஒரு சதுரம் வரைகிறோம். சின்னச் சதுரங்கள் இரண்டும் சேர்ந்து எவ்வளவு இடத்தை அடைக்கின்றனவோ, அவ்வளவு இடத்தைக் கர்ணத்தின் சதுரம் தனியாக அடைக்கிறது. இதைத்தான் காட்ட வேண்டும்.

அட்டையில் செய்து பார்ப்போம்

வேண்டுமென்றே கர்ணம் முழு எண்ணாக வராத ஒரு முக்கோணத்தை எடுத்துக்கொள்ளலாம்: செங்கோணத்தின் இரு பக்கங்களில் a 5 செ.மீ., b 8 செ.மீ.; கர்ணத்தை c என்போம். ஒரு பக்கம் கலரும் மறுபக்கம் வெள்ளையுமாக இருக்கும் சார்ட் அட்டையில், 8 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் கொண்ட செவ்வகம் இரண்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் மூலைவிட்டத்தில் வெட்டினால் நான்கு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். இங்கே ஒரு சின்னக் கவனம் தேவை. இரண்டு செவ்வகங்களையும் ஒரே மாதிரி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பொருத்திப் பார்த்து, ஒரே மூலைவிட்டத்தில் வெட்ட வேண்டும். ஒன்றை இந்த மூலையிலிருந்தும் மற்றதை அந்த மூலையிலிருந்தும் வெட்டிவிட்டால், இரண்டு முக்கோணங்கள் மற்ற இரண்டின் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். அப்போது அவற்றைக் கவிழ்த்துப் போட்டால்தான் அடுத்த அடுக்கலில் பொருந்தும். கவிழ்த்தவற்றில் வெள்ளைப் பக்கம் மேலே வரும்.

இனி ஒரு வெள்ளைத் தாளில் 13 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்று வரையுங்கள். 5-உம் 8-உம் சேர்ந்தால் 13. அதனால்தான் அந்த அளவு. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., ஆகவே இடம் தாராளமாகப் போதும். இந்தச் சதுரத்தைச் சட்டம் என்று அழைப்போம்.

முதல் அடுக்கல். நான்கு முக்கோணங்களின் செங்கோண மூலைகளையும் சட்டத்தின் நான்கு மூலைகளில் வையுங்கள். சட்டத்தின் கீழ் விளிம்பில் இடமிருந்து வலமாகப் போனால் முதலில் ஒரு முக்கோணத்தின் 5 செ.மீ. பக்கம், அடுத்து இன்னொன்றின் 8 செ.மீ. பக்கம் வர வேண்டும். அங்கிருந்து வலது விளிம்பில் மேலே ஏறினால் மறுபடி 5, பிறகு 8. மேல் விளிம்பில் வலமிருந்து இடமாக 5, 8. இடது விளிம்பில் மேலிருந்து கீழாக 5, 8. இப்படிச் சுற்றிவந்தால் விளிம்புகள் முழுவதும் மூடிவிடும். ஓர் இடத்தில் 5-உம் 5-உம் சந்தித்து நடுவில் 3 செ.மீ. வெற்றிடம் விழுந்தாலோ, 8-உம் 8-உம் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலோ, ஏதோ ஒரு முக்கோணம் திசை மாறிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

சரியாக அமைந்துவிட்டால், நடுவில் சாய்ந்தபடி ஒரு வெற்றிடம் தெரியும். அதன் நான்கு விளிம்புகளும் நான்கு முக்கோணங்களின் கர்ணங்கள். அதாவது அது c பக்கமுள்ள சதுரம்; பரப்பளவு c². (அது சதுரம்தானா என்ற கேள்விக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.)

இனி நகர்த்தல். எந்த முக்கோணத்தையும் திருப்ப வேண்டாம், கவிழ்க்கவும் வேண்டாம். மேசைமேல் சறுக்கினால் போதும். மேல் இடது மூலையில் இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். கீழ் இடது மூலையில் இருப்பதை நேராக வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளுங்கள். மேல் வலது மூலையில் இருப்பதை நேராகக் கீழே 5 செ.மீ. இறக்குங்கள். கீழ் வலது மூலையில் இருந்ததைச் சாய்வாக மேலே இடப்பக்கம் கொண்டுபோய், நகராமல் இருக்கும் முக்கோணத்தின் கர்ணத்தோடு கர்ணம் ஒட்டும்படி வையுங்கள். இதை முதலில் நகர்த்திவிட்டு மற்றவற்றைத் தள்ளினால் ஒன்றோடொன்று இடிக்காது.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். மேல் இடது மூலையில் இரண்டு முக்கோணங்கள் சேர்ந்து, 8 அகலமும் 5 உயரமும் உள்ள செவ்வகமாகிவிட்டன. கீழ் வலது மூலையில் மற்ற இரண்டும் சேர்ந்து, 5 அகலமும் 8 உயரமும் உள்ள செவ்வகமாகிவிட்டன. மூடப்படாமல் மிஞ்சிய இடம் இப்போது ஒன்றாக இல்லை, இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கீழ் இடது மூலையில் 8 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம். மேல் வலது மூலையில் 5 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம்.

சட்டம் மாறவில்லை. அதை மூடிய முக்கோணங்களும் அதே நான்குதான். சறுக்கியதால் அவற்றின் பரப்பளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியென்றால் மூடாமல் மிஞ்சிய இடமும் இரண்டு அடுக்கலிலும் ஒரே அளவாகத்தான் இருக்க வேண்டும். முதலில் மிஞ்சியது c². பிறகு மிஞ்சியது a² + b². ஆகவே இரண்டும் சமம்.

நிரூபணம் இவ்வளவுதான். எண்களாகவும் பார்த்துவிடலாம். சட்டத்தின் பரப்பளவு 13 × 13 = 169. ஒரு முக்கோணம் 5 × 8-இல் பாதி, 20. நான்கும் சேர்ந்து 80. மிச்சம் 89. இரண்டாவது அடுக்கலில் தெரியும் சதுரங்கள் 64, 25, கூட்டினால் 89. சாய்ந்த சதுரத்தின் பக்கம் எவ்வளவு என்று நாம் அளக்கவே இல்லை, ஆனாலும் அதன் பரப்பளவு 89 ச.செ.மீ. என்று தெரிந்துவிட்டது. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 9.43. அளவுகோலை முக்கோணத்தின் கர்ணத்தில் வைத்துப் பார்த்தால் 9.4-ஐத் தொட்டு நிற்கும்.

5, 8 என்ற எண்கள் இந்தக் காரணத்துக்குள் எங்கும் நுழையவில்லை என்பதையும் பாருங்கள். சட்டத்தின் பக்கம் a + b, மூலைக்கொரு முக்கோணம், மூன்றைச் சறுக்கல். 2-உம் 7-உம் ஆனாலும், 1-உம் 1-உம் ஆனாலும் அதே சறுக்கல்தான், அதே இரண்டு சதுரங்கள்தான். செய்யுள் கணக்குக்கு இல்லாத பலம் இதுதான்.

அந்தச் சாய்ந்த வடிவம் சதுரம்தானா?

நான்கு பக்கமும் சமமாக இருப்பதால் மட்டும் ஒரு வடிவம் சதுரமாகிவிடாது. சாய்சதுரத்துக்கும் நான்கு பக்கமும் சமம். ஆனால் அதன் பரப்பளவு c² ஆகாது, அதைவிடக் குறைவு. ஆகவே மூலைகள் செங்கோணம் என்று காட்டியாக வேண்டும். இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுகிறவர்களில் பலர் தாண்டிப் போய்விடும் இடம் இது. என் பார்வையில் நிரூபணத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

சட்டத்தின் கீழ் விளிம்பில், 5-உம் 8-உம் சந்திக்கும் புள்ளியைப் பாருங்கள். அங்கே மூன்று கோணங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இடப்பக்கம் ஒரு முக்கோணத்தின் குறுங்கோணம், வலப்பக்கம் இன்னொரு முக்கோணத்தின் குறுங்கோணம், நடுவில் சாய்ந்த வடிவத்தின் மூலைக் கோணம். விளிம்பு நேர்கோடு, ஆகவே மூன்றும் சேர்ந்து 180 பாகை. இடப்பக்கக் கோணம் முக்கோணத்தின் 5 செ.மீ. பக்கம் முடியும் இடத்தில் இருக்கிறது, வலப்பக்கக் கோணம் 8 செ.மீ. பக்கம் முடியும் இடத்தில் இருக்கிறது. முக்கோணங்கள் எல்லாம் ஒரே அச்சு என்பதால், ஒரே முக்கோணத்தின் இரண்டு வெவ்வேறு குறுங்கோணங்கள்தான் அவை. ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்கள் சேர்ந்து 180, அதில் செங்கோணம் 90 போனால் இரண்டு குறுங்கோணங்களும் சேர்ந்து 90. ஆகவே நடுவில் இருப்பதற்கு மிஞ்சுவதும் 90. மற்ற மூன்று மூலைகளிலும் இதே கதைதான். எனவே அது சதுரம்.

அட்டையில் சரிபார்க்க விரும்பினால், வெற்றிடத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். சதுரமானால் இரண்டும் சமமாக, 13.3 செ.மீ. அளவில் இருக்கும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் வெட்டிய முக்கோணங்களில் செங்கோணம் பிசகியிருக்கிறது. சட்டத்தின் மூலையில் வைக்கும்போதே ஒரு விளிம்பு ஒட்டாமல் விலகி நிற்பதும் தெரியும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, கண்ணுக்கே சதுரமாகத் தெரிகிறதே என்று தோன்றலாம். கண் எப்படி ஏமாறும் என்பதற்கு இதே 5, 8, 13 என்ற எண்களை வைத்து ஒரு பழைய புதிர் இருக்கிறது. 8 × 8 கட்டங்கள் உள்ள சதுரத்தை எடுத்து, மேலே 3 உயரப் பட்டையையும் கீழே 5 உயரப் பட்டையையும் பிரியுங்கள். மேல்பட்டையை மூலைவிட்டத்தில் வெட்டினால், செங்கோணப் பக்கங்கள் 8-உம் 3-உம் ஆன இரண்டு முக்கோணங்கள். கீழ்பட்டையைச் சாய்வாக வெட்டினால், இணைப்பக்கங்கள் 5-உம் 3-உம் ஆன இரண்டு சரிவகங்கள். இந்த நான்கு துண்டுகளையும் மாற்றி அடுக்கினால் 13 நீளமும் 5 அகலமும் கொண்ட செவ்வகம் வந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் 8 × 8 = 64, 13 × 5 = 65. ஒரு கட்டம் எங்கிருந்தோ முளைத்துவிட்டது!

எங்கிருந்தும் முளைக்கவில்லை. முக்கோணத்தின் சாய்ந்த விளிம்பு 8-க்கு 3 இறங்குகிறது. அதாவது சரிவு 0.375. சரிவகத்தின் சாய்ந்த விளிம்பு 5-க்கு 2 இறங்குகிறது. அதன் சரிவு 0.4. இரண்டும் சேர்ந்து ஒரே நேர்கோடு போலத் தோன்றினாலும் சேரும் இடத்தில் மிகச் சிறிய மடிப்பு இருக்கிறது. அதனால் செவ்வகத்தின் மூலைவிட்டம் நெடுக நூல்போல மெலிந்த ஓர் இணைகரம் மூடப்படாமல் இருக்கிறது. அதன் பரப்பளவு சரியாக ஒரு கட்டம். பேனாக்கோட்டின் தடிமனிலேயே அது மறைந்துவிடும்.

துண்டுகளை மாற்றி அடுக்கும் எந்த நிரூபணத்திலும் இரண்டைத்தான் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும்: நேர்கோடு என்று சொல்லும் இடம் உண்மையில் நேர்கோடுதானா, செங்கோணம் என்று சொல்லும் இடம் உண்மையில் செங்கோணம்தானா. நம்முடைய சட்டத்தில் முதல் அடுக்கலைச் சோதித்துவிட்டோம். இரண்டாவது அடுக்கலில் கர்ணமும் கர்ணமும் ஒட்டும் இடத்தில், ஒன்றின் குறுங்கோணமும் மற்றதன் வேறு குறுங்கோணமும் சேர்ந்து 90 ஆகின்றன. ஆகவே அது உண்மையான செவ்வகம். நான்கு துண்டுகளும் அச்சாக ஒன்றே என்பதால் சரிவு மாறவும் வழியில்லை. கட்டம் எதுவும் முளைக்கவோ மறையவோ இடமே இல்லை.

அதே முக்கோணங்கள், உள்ளே திரும்பியபடி

சட்டத்தை எடுத்துவிட்டு, அதே நான்கு முக்கோணங்களைக் கர்ணத்தின் சதுரத்துக்கு உள்ளேயே அடுக்கும் வழியும் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் பீஜகணிதத்தில் இந்த வடிவத்தை எடுத்தாள்கிறார். அதற்கு வெகுமுன்பே, 3-ஆம் நூற்றாண்டில், சீனாவில் சாவ் ஷுவாங் ஒரு பழைய கணித நூலுக்கு எழுதிய விளக்கவுரையில் இதே படத்தை 3, 4, 5 முக்கோணத்துக்கு விளக்கியிருக்கிறார். 2002-இல் பெய்ஜிங்கில் நடந்த உலகக் கணித மாநாட்டின் இலச்சினையும் இந்தப் படத்திலிருந்து வந்ததுதான்.

முக்கோணங்களின் கர்ணங்கள் வெளியே பார்க்க, அவை ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களாக அமையும்படி வையுங்கள். உள்ளே ஒரு முக்கோணத்தின் நீண்ட பக்கத்தின்மேல் அடுத்ததன் குட்டைப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு சின்னச் சதுர ஓட்டை மிஞ்சும். அதன் பக்கம் 8-இலிருந்து 5 போக, 3. ஆகவே c² என்பது நான்கு முக்கோணங்களும் ஒரு 3 × 3 சதுரமும்: 80 + 9 = 89. அந்த ஓட்டை அளவுக்கு ஒரு துண்டு அட்டையும் வெட்டிக்கொள்ளுங்கள். மொத்தம் ஐந்து துண்டுகள்.

இந்த ஐந்தையும் வைத்து 8-இன் சதுரத்தையும் 5-இன் சதுரத்தையும் கட்ட முடியுமா? முடியும். முக்கோணங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து இரண்டு செவ்வகங்கள் ஆக்குங்கள். ஒன்றை 5 அகலம், 8 உயரமாக நிற்கவையுங்கள். அதன் வலப்பக்கம் அடியில், மற்றதை 8 அகலம், 5 உயரமாகப் படுக்கவையுங்கள். நின்றது படுத்ததைவிட 3 செ.மீ. உயரம் அதிகம், அந்தப் படியில், நிற்கும் செவ்வகத்தை ஒட்டி, 3 × 3 துண்டை வையுங்கள். மொத்த அடிப்பக்கம் 5 + 8 = 13. இப்போது இந்த உருவத்தை வேறு விதமாகப் பாருங்கள். இடது ஓரத்திலிருந்து 8 செ.மீ. தள்ளி மேலிருந்து கீழாக ஒரு கோடு கற்பனை செய்தால், இடப்பக்கம் இருப்பது 8 × 8 சதுரம், வலப்பக்கம் மிஞ்சுவது 5 × 5 சதுரம். c² ஆக இருந்த அதே ஐந்து துண்டுகள் b², a² என்ற இரண்டு சதுரங்களை மிச்சம் இல்லாமல் அடைத்துவிட்டன.

முதல் வழியில் மிஞ்சிய வெற்றிடங்களை ஒப்பிட்டோம். இரண்டாவது வழியில் அட்டைகளையே ஒப்பிடுகிறோம். முதன்முறை பார்க்கிறவர்களுக்கு முதல் வழிதான் சீக்கிரம் புரியும். ஆனால் ஒரு சதுரத்தையே வெட்டி இரண்டு சதுரங்களாக மாற்றிவிட்டோம் என்ற நிறைவு இரண்டாவதில்தான் கிடைக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் முக்கோணத்தை எடுத்தால் நடு ஓட்டை மறைந்துவிடும். நான்கு முக்கோணங்களே முழுச் சதுரம்.

இரண்டு சதுரங்களுக்குச் சமமான ஒரே சதுரத்தை அமைப்பது நடைமுறைத் தேவையாகவும் இருந்திருக்கிறது. வேள்வி மேடைகளைக் கயிறு கொண்டு அளந்து அமைக்கும் முறைகளைச் சொல்லும் போதாயன சுல்ப சூத்திரம், செவ்வகத்தின் மூலைவிட்டத்தின்மேல் அமையும் சதுரம் அதன் இரு பக்கங்களின் சதுரங்களைச் சேர்த்ததற்கு ஈடு என்று பொதுவிதியாகவே சொல்கிறது. பெரிய சதுரத்துக்குள் சின்னச் சதுரத்தின் அகலத்துக்கு ஒரு செவ்வகத்தைக் குறித்து, அதன் மூலைவிட்டத்தைப் புதிய சதுரத்தின் பக்கமாக எடுத்துக்கொள் என்பது அது தரும் வழி. நம் அட்டைகளில், 8 × 8 சதுரத்துக்குள் இருக்கும் 5 × 8 செவ்வகம்தான் அது.

எது போனால் தேற்றமும் போகும்?

இந்த நிரூபணம் எதன்மேல் நிற்கிறது என்று தேடினால், மூலைக் கோணத்தைக் கணக்கிட்ட இடத்துக்கே திரும்பி வருவோம். முக்கோணத்தின் கோணங்கள் சேர்ந்து 180 பாகை என்பதை அங்கே கேட்காமலே எடுத்துக்கொண்டோம். தட்டையான தாளில் அது உண்மை. பூமி உருண்டையின் மேற்பரப்பில் அப்படி இல்லை. வட துருவத்திலிருந்து ஒரு தீர்க்கரேகை வழியாக நிலநடுக்கோட்டுக்கு இறங்கி, நிலநடுக்கோட்டிலேயே பூமியின் சுற்றளவில் கால் பங்கு நடந்து, மறுபடி துருவத்துக்கு ஏறினால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் மூன்று கோணங்களும் 90; மூன்று பக்கங்களும் ஏறக்குறைய 10,000 கி.மீ. செங்கோணம் இருக்கிறது, ஆனால் c-உம் a-உம் b-உம் ஒன்றே. a² + b² என்பது c²-ஐப் போல இரு மடங்கு. தேற்றம் அங்கே செல்லாது. வீட்டுமனை அளவில் பூமியின் வளைவு பொருட்படுத்த முடியாத அளவுக்குச் சிறியது என்பதால் நமக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு எல்லையும் உண்டு. செங்கோணம் இருந்தால் a² + b² = c² என்றுதான் நாம் காட்டியிருக்கிறோம். கட்டுமான வேலையில் கொத்தனார் செய்வது இதற்கு நேர்த் தலைகீழ். மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடியும் மற்ற நூலில் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்க்கிறார்; வந்தால் மூலை செங்கோணம் என்று முடிவு செய்கிறார். இதற்குத் தனிக் காரணம் வேண்டும். நல்லவேளையாக அது சுருக்கமானது. 3, 4 அடிப் பக்கங்களோடு, செங்கோணம் என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு முக்கோணத்தைக் கற்பனை செய்வோம். நாம் நிரூபித்த தேற்றப்படி அதன் கர்ணம் 5. கொத்தனாரின் முக்கோணத்துக்கும் பக்கங்கள் 3, 4, 5. மூன்று பக்கங்களும் சமமான இரண்டு முக்கோணங்கள் சர்வசமம். ஆகவே கோணங்களும் சமம். அவருடைய மூலையும் செங்கோணமே.

குறுக்களவு 5 அடிக்கு மேலே போனால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் குறுகியிருக்கிறது. 3, 4 அடி குறித்த இடத்தில் குறுக்கே 5 அடி 1 அங்குலம் வந்தால், மூலை ஏறக்குறைய 92 பாகை. அந்த மூலையிலிருந்து 20 அடிச் சுவர் எழுப்பினால், மறுமுனை எட்டு அங்குலத்துக்கும் மேல் விலகிப் போய்விடும். அதனால்தான் நீளமான சுவருக்கு 6, 8, 10 என்றோ 9, 12, 15 என்றோ பெரிதாகக் குறித்துக்கொள்வது நல்லது. நாடா பிடிப்பதில் அதே ஓர் அங்குலம் தவறினாலும், 6, 8, 10 அடியில் மூலை ஒரு பாகைதான் பிசகும்.